சளி போன பிறகும் நிற்காத இருமல்

சளி பிடித்தால் இருமல் எத்தனை நாள் இருக்கும் என்று யாரைக் கேட்டாலும் ஒரு வாரம், மிஞ்சிப்போனால் பத்து நாள் என்றுதான் சொல்வார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பொதுமக்களிடம் இதே கேள்வியைக் கேட்டபோது அங்கும் 7 முதல் 9 நாள் என்ற பதில்தான் வந்தது. அந்த ஆய்வாளர்களே, நோயாளிகளின் இருமலை நாள்கணக்கில் பதிந்து வைத்திருந்த பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இருமலின் சராசரி ஆயுள் கிட்டத்தட்ட 18 நாள் என்று தெரிந்தது. 2013-இல் வெளியான ஆய்வு இது. சராசரியே 18 நாள் என்றால் மூன்று வாரம், நான்கு வாரம் இருமுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று அர்த்தம். பத்தாம் நாள் வந்ததும் "மருந்து கேட்கவில்லை" என்று டாக்டரை மாற்றுவது, மருந்துக் கடையில் நின்று வேறு சிரப் கேட்பது, வீட்டில் மிச்சம் இருந்த மாத்திரையை விழுங்குவது எல்லாம் நடப்பது, நாம் எதிர்பார்க்கும் அந்த ஒரு வாரத்துக்கும் உண்மையான மூன்று வாரத்துக்கும் நடுவே உள்ள நாட்களில்தான்.

திருச்சிப் பக்கம் ஒரு பள்ளி ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். வயது நாற்பதைத் தாண்டியவர். ஐப்பசி மழை நாளில் சளி பிடித்தது. இரண்டு நாள் காய்ச்சல், தொண்டை வலி, மூக்கு ஒழுகல். ஐந்தாம் நாள் எழுந்து நடமாடினார், ஏழாம் நாள் பள்ளிக்குப் போய்விட்டார். மூக்கு சரியாகிவிட்டது, பசி எடுக்கிறது, காய்ச்சல் இல்லை. இருமல் மட்டும் தங்கிவிட்டது. சளியே வராத வறட்டு இருமல். வகுப்பில் நான்கு வரி பேசினால் தொண்டையில் ஏதோ ஊர்வது போலிருக்கும், உடனே இருமல் தொடங்கி நிற்காது. சிரித்தால் வரும். சமையலறையில் மிளகாய் தாளித்தால் வரும். பேருந்தில் ஜன்னலோரக் காற்று பட்டால் வரும். கோவிலில் சாம்பிராணிப் புகை பட்டாலும் வரும். இருமி முடித்தால் கண்ணில் நீர் நிற்கும், ஆனால் வெளியே ஒன்றும் வராது.

இவருக்கு உள்ளே என்னதான் நடக்கிறது? வைரஸ் உடம்பை விட்டுப் போயிருக்கும், அல்லது போய்க்கொண்டிருக்கும். ஆனால் அது விட்டுப்போன சேதம் அப்படியே இருக்கிறது. நம் மூச்சுக்குழாயின் உட்புறம் மெல்லிய சவ்வால் ஆனது. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும். உள்ளே போகும் தூசியையும் சுரக்கும் சளியையும் மேல்நோக்கித் தள்ளித் தொண்டைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அவற்றின் வேலை. சளிக்காய்ச்சல் வைரஸ்கள் இந்தச் சவ்வின் மேற்பரப்பை ஆங்காங்கே உரித்துவிடுகின்றன. நுண்மயிர்கள் உதிர்ந்துபோகின்றன. அடியில் மறைந்திருந்த நரம்பு நுனிகள் வெளியே தெரியத் தொடங்குகின்றன. சவ்வு மறுபடி வளர்ந்து, நுண்மயிர்கள் முளைத்துச் சரியாக வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை, வழக்கமாக நாம் கவனிக்கவே கவனிக்காத காற்றும் பேச்சும் புகையும் அந்த நரம்புகளைச் சீண்டிக்கொண்டே இருக்கும்.

மிளகாய் நெடி பட்டால் இருமல் கிளம்புவதற்கும் சரியான காரணம் உண்டு. மிளகாயின் காரத்தையும் சூட்டையும் உணரும் ஒரு புரதம் நம் நரம்பு நுனிகளில் இருக்கிறது. அதை 1997-இல் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு பகிர்ந்து கிடைத்தது. நாக்கில் இருப்பதைப் போலவே மூச்சுக்குழாய் நரம்புகளிலும் அந்தப் புரதம் இருக்கிறது. சளிக்குப் பிறகு சில வாரங்களுக்கு இந்த நரம்புகள் சீக்கிரமே தூண்டப்படுகின்றன. ஒருவருக்கு இருமல் எவ்வளவு எளிதில் வருகிறது என்று அளக்க ஆய்வுக்கூடங்களில் மிளகாயின் காரச்சத்தையே ஆவியாக்கி முகரச் செய்வதுண்டு. ஆகவே தாளிக்கும்போது இருமுகிறவரைப் பார்த்து "சும்மா பாவனை பண்ணாதே" என்று சொல்வது தவறு. அவருக்கு நிஜமாகவே தாங்கவில்லை.

இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ஒவ்வொரு முறை இருமும்போதும் குரல்நாண்கள் வேகமாக மோதிக்கொள்கின்றன. அதனால் அங்கே வீக்கமும் உறுத்தலும் கூடுகிறது, அந்த உறுத்தலே அடுத்த இருமலை வரவைக்கிறது. தொண்டையைக் கனைத்துக் கனைத்துச் சரிசெய்யப் பார்ப்பதும் இதே கெடுதலைத்தான் செய்யும். பேசிப் பிழைக்கிறவர்களான ஆசிரியர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் இந்த இருமல் மற்றவர்களைவிட நீண்டு போவதில் வியப்பில்லை.

மூன்று வாரத்துக்குள் முடியும் இருமலை மருத்துவர்கள் குறுகிய கால இருமல் என்கிறார்கள். எட்டு வாரத்தைத் தாண்டினால் அது நாள்பட்ட இருமல். சளிக்குப் பின் தங்கிவிடும் இந்த வறட்டு இருமல் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவே, அதாவது மூன்றிலிருந்து எட்டு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். உலகெங்கும் மருத்துவப் பாடநூல்கள் சொல்லும் கணக்கு இதுதான்.

ஆனால் நம் நாட்டில் இதோடு இன்னொரு கணக்கையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய் இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும் என்பது தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் விதி. உலகிலேயே மிக அதிகமான காசநோயாளிகள் இந்தியாவில் இருக்கிறார்கள் என்பதால் வந்த விதி அது. எட்டு வாரம் பொறுக்கலாம் என்ற பாடநூல் கணக்கும், இரண்டு வாரத்திலேயே பரிசோதிக்கச் சொல்லும் நம்மூர்க் கணக்கும் முரண்படுவதுபோலத் தோன்றும். என் பார்வையில் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வதுதான் சரி. இரண்டு வாரம் தாண்டினால் ஒருமுறை பரிசோதித்துவிட வேண்டும். அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தால், பிறகு எட்டு வாரம்வரை நிம்மதியாகப் பொறுத்திருக்கலாம். பரிசோதிக்காமல் பொறுத்திருப்பது ஆபத்து. பரிசோதனையில் எல்லாம் சரி என்று வந்த பிறகும் வாரத்துக்கு ஒரு மருந்து மாற்றிக்கொண்டிருப்பதால் பயன் இல்லை.

நம் ஆசிரியைக்கு வருவோம். பன்னிரண்டாம் நாள் மருந்துக் கடையில் அசித்ரோமைசின் மூன்று மாத்திரையும் ஒரு சிரப்பும் வாங்கிச் சாப்பிட்டார். குறையவில்லை. மூன்றாம் வாரம் முடியும்போது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறார். அங்கே டாக்டர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை நாளாக இருமல் என்பது மட்டும் அல்ல.

"ஏம்மா, போன வாரத்துக்கு இந்த வாரம் எப்படி இருக்கு?"

"பாதி குறைஞ்சிருக்கு டாக்டர். ராத்திரி தூங்கிடறேன். கிளாஸ்ல பேச ஆரம்பிச்சாத்தான் விடமாட்டேங்குது."

அந்தப் பதிலில் பாதி விஷயம் தெரிந்துவிடுகிறது. ஆறிவரும் இருமல் ஏற்ற இறக்கத்தோடு இருக்கும், ஆனால் வாரத்துக்கு வாரம் ஒப்பிட்டால் இறங்குமுகமாகத்தான் இருக்கும். நாளுக்கு நாள் பார்த்தால் இது புலப்படாது. நேற்றைவிட இன்று அதிகம் என்று மனம் சோர்ந்துபோகும். படுக்கையிலிருந்து எத்தனை முறை எழுப்பியது, தொடர்ந்து எத்தனை நிமிடம் பேச முடிந்தது என்று வாரம் ஒருமுறை காலண்டரில் குறித்து வைத்தாலே போக்கு தெரிந்துவிடும். இறங்காமல் ஒரே அளவில் நிற்கிற இருமலும், இறங்கிய பிறகு மறுபடி ஏறுகிற இருமலும் வேறு காரணத்தைத் தேடச் சொல்கின்றன.

அடுத்து அந்த டாக்டர் சாயங்காலக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் எடை, பசி, சளியில் ரத்தம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். வீட்டிலோ பள்ளியிலோ யாருக்காவது காசநோய் உண்டா என்கிறார். சர்க்கரை நோய் உண்டா என்றும் கேட்கிறார். சர்க்கரை நோயாளிகளுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகம். தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் பரவியிருக்கும் அளவைப் பார்த்தால் இது அலட்சியப்படுத்தக்கூடிய கேள்வி இல்லை. மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார், சளிப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுக்கிறார். அரசு நிலையங்களில் காசநோய்ப் பரிசோதனை இலவசம்.

வறட்டு இருமல்காரர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் வரும். சளியே இல்லாதபோது டப்பாவில் எதைத் துப்புவது? பலர் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். எச்சிலில் கிருமி அகப்படாது, முடிவு "இல்லை" என்று வந்தாலும் அதற்கு மதிப்பில்லை. காலையில் எழுந்ததும் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, காற்றோட்டமான திறந்த இடத்தில் நின்று, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்துப் பிடித்து, பிறகு அடிநெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். அப்படியும் வராவிட்டால் வரவில்லை என்றே சொல்லிவிடலாம். எக்ஸ்ரேயை வைத்து மேற்கொண்டு என்ன செய்வதென்று மருத்துவர் முடிவு செய்வார். கர்ப்பமாக இருப்பவர்கள் எக்ஸ்ரேக்கு முன் அதைச் சொல்லிவிட வேண்டும்.

ஆசிரியையின் எக்ஸ்ரே தெளிவாக இருந்தது. எடை குறையவில்லை, காய்ச்சல் இல்லை, இருமல் இறங்குமுகம். இது சளிக்குப் பின் ஆறிவரும் இருமல் என்று சொல்லி, ஆன்டிபயாடிக் எதுவும் எழுதாமல் டாக்டர் அனுப்பினார். மருந்துச் சீட்டில் ஒன்றும் இல்லாமல் திரும்புவது சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் இந்த நிலையில் ஆன்டிபயாடிக் வேலை செய்வதில்லை. சேதம் செய்தது வைரஸ், இப்போது நடப்பது புண் ஆறும் வேலை. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துக்கு இதில் இடமே இல்லை. வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மாத்திரையாவது உதவுமா என்று பிரிட்டனில் ஆஸ்துமா இல்லாதவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 2017-இல் வெளியானது. மார்புச் சளியோடு வரும் இருமலின் நாட்களை அது குறைக்கவில்லை.

ஆன்டிபயாடிக்குகளில் குறிப்பாக லீவோஃபிளாக்சசின் வகை பற்றி நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இருமலுக்கென்று மருந்துக் கடைகளில் இதைத் தூக்கிக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. இது காசநோய்க் கிருமியையும் ஓரளவு தாக்கும் மருந்து. உள்ளே காசநோய் இருந்தால், இதைச் சாப்பிட்டதும் இருமலும் காய்ச்சலும் சில நாட்களுக்குத் தணியும், நோய் தீராது. சளிப் பரிசோதனையில் கிருமி அகப்படாமல் போகலாம். மாதங்கள் கழித்து நோய் முற்றிய நிலையில் வருவார்கள், அதற்குள் வீட்டில் உள்ளவர்களுக்கும் பரவியிருக்கும். கிருமி அந்த மருந்துக்குப் பழகியும் போகலாம். பரிசோதனைக்கு முன் இதைச் சாப்பிட்டிருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

சிரப் விஷயத்தில் குழந்தைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து கொடுக்கவே கூடாது, ஐந்து வயதுவரை பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. கலப்படமே இல்லாவிட்டாலும் இந்த வயதில் சிரப்பால் பெரிய பலன் கிடையாது.

அப்படியானால் ஆறும்வரை என்னதான் செய்வது? இரவு படுப்பதற்குச் சற்று முன் ஒரு தேக்கரண்டி தேன் உதவும். குழந்தைகளிடம் செய்த ஆய்வுகளில் இரவு இருமலைத் தேன் ஓரளவு குறைத்திருக்கிறது. ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேனை நாக்கில்கூடத் தடவக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் அந்த வயதுக் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும். பனங்கற்கண்டும் மிளகும் போட்ட வெதுவெதுப்பான பால், சுக்குத் தண்ணீர் எல்லாம் தொண்டைக்கு இதம் தரும், சர்க்கரை நோயாளிகள் மட்டும் இனிப்பைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். அதிமதுரத்தை வாரக்கணக்கில் மென்றுகொண்டிருப்பவர்கள் உண்டு. அது ரத்த அழுத்தத்தை ஏற்றும், உடம்பின் பொட்டாசியத்தைக் குறைக்கும். பிரஷர் இருப்பவர்கள் தவிர்ப்பது நல்லது.

இருமல் கிளம்பும் அந்த நொடியில் செய்வதற்கும் ஒரு வழி இருக்கிறது. தொண்டையில் ஊர்வது தெரிந்ததும் வாயை மூடி, ஒருமுறை விழுங்கி, மூக்கு வழியாக மெதுவாக மூச்சை இழுத்து விட வேண்டும். பக்கத்தில் தண்ணீர் இருந்தால் ஒரு மிடறு. கனைக்கத் தோன்றும்போதும் இதையே செய்யலாம். முதல் சில முறை தோற்கும். பழகப் பழக, ஐந்தில் இரண்டு மூன்று தடவை இருமல் வராமலே அடங்கும். ஆசிரியைக்கு இதுதான் மிகவும் கைகொடுத்தது. மேசைமேல் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டார், பின் வரிசை வரை கேட்கக் கத்துவதை விட்டுவிட்டுப் பிள்ளைகளை முன்னால் வரச் சொன்னார். வீட்டில் ஊதுபத்தியையும் கொசுவர்த்திச் சுருளையும் சில வாரங்களுக்கு நிறுத்தி வைத்தார். ஆறாம் வாரம் இருமல் நின்றது.

எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. சளியில் தொடங்கிய இருமல் என்று நம்பிக்கொண்டிருப்பதற்குப் பின்னால் வேறு காரணம் ஒளிந்திருக்கலாம். அடிக்கடி தவறிப்போவது ஆஸ்துமா. வீசிங் சத்தமோ மூச்சு வாங்குவதோ இல்லாமல் இருமலாக மட்டுமே வரும் ஆஸ்துமா உண்டு. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு எழுப்பும். மாடிப்படி ஏறினால், குழந்தை ஓடி விளையாடினால் வரும். "எப்ப சளி பிடிச்சாலும் ஒரு மாசம் இருமிக்கிட்டுத்தான் இருப்பான்" என்று அம்மாக்கள் சொல்லும் பிள்ளைகளில் பலருக்கு இது இருக்கும். ஊதிப் பார்க்கும் பரிசோதனை இதைக் கண்டுபிடிக்க உதவும், இன்ஹேலரில் நன்றாக அடங்கும். இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற பயத்தில் சிரப்பாகவே குடித்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. இன்ஹேலரில் போவது மிகக் குறைந்த அளவு மருந்து, அதுவும் நேராக மூச்சுக்குழாய்க்கே போகிறது.

ரத்த அழுத்த மாத்திரையும் ஒரு காரணம். எனலாபிரில், ராமிபிரில், லிசினோபிரில் என்று "பிரில்" என முடியும் மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். மாத்திரை தொடங்கிய சில நாளிலும் வரலாம், பல மாதம் கழித்தும் வரலாம். இடையில் ஒரு சளி பிடித்திருந்தால் பழி சளிமேல் விழுந்துவிடும். மருத்துவரிடம் கேட்டு வேறு வகைக்கு மாற்றிக்கொண்டால் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் நின்றுவிடும், சிலருக்கு மூன்று மாதம் ஆகலாம். நாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மருத்துவமனைக்குப் போகும்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப் போவது இதற்காகத்தான்.

விடாமல் தொடர்ச்சியாக இருமி, முடிவில் வாந்தி எடுக்கும் அளவுக்குப் போனால் கக்குவான் இருமலை நினைக்க வேண்டும். தடுப்பூசியின் பலம் ஆண்டுகள் போகப் போகக் குறைவதால் பெரியவர்களுக்கும் வரும், ஆனால் "கூ" என்ற அந்த இழுப்புச் சத்தம் அவர்களுக்குப் பெரும்பாலும் இருக்காது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் உடனே காட்ட வேண்டும். பெரியவருக்கு வெறும் தொல்லையாக இருக்கும் இது, இரண்டு மூன்று மாதக் குழந்தைக்கு இருமலே இல்லாமல் மூச்சை நிறுத்திவிடக்கூடும்.

வாரக் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றைக்கே கிளம்ப வேண்டிய சந்தர்ப்பங்கள் உண்டு. இருமலில் ரத்தம் வந்தால், ஒரு கோடு அளவாக இருந்தாலும் சரி. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால். மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினால். படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருந்தால், கால் வீங்கியிருந்தால். இது நுரையீரலைவிட இதயத்தின் கோளாறாக இருக்கலாம். காய்ச்சல் விட்டுப் போய் நாலைந்து நாள் நன்றாக இருந்து, மறுபடி குளிரோடு காய்ச்சல் வந்தால் நிமோனியா தொடங்கியிருக்கலாம். வேர்க்கடலையோ பொம்மையின் சிறு பாகமோ வைத்துக்கொண்டிருந்த குழந்தைக்குத் திடீரென்று இருமல் தொடங்கினால், அது சளி இருந்த வாரமாகவே இருந்தாலும், மூச்சுக்குழாயில் ஏதாவது போயிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். எடை இறங்கினாலும், குரல் மூன்று வாரத்துக்கு மேல் கம்மியே இருந்தாலும், பல ஆண்டு பீடி, சிகரெட் பிடித்தவரின் இருமலின் தன்மை மாறினாலும் அந்த வாரத்துக்குள் காட்டிவிட வேண்டும்.

இவை எதுவும் இல்லாமல், எக்ஸ்ரேயும் தெளிவாக இருந்து, எட்டு வாரம் முடிந்த பிறகும் இருமல் நிற்கவில்லையானால் இரண்டாவது முறை போக வேண்டும். முதல் தடவை எல்லாம் சரியாக இருந்ததே என்று இருந்துவிடக் கூடாது. இந்தத் தடவை ஊதிப் பார்க்கும் பரிசோதனை, மூக்கின் பின்புறமிருந்து சளி தொண்டைக்கு வடிகிறதா, சாப்பிட்டுப் படுத்ததும் புளித்த ஏப்பம் வருகிறதா என்ற கேள்விகள், தேவைப்பட்டால் மறுபடி ஓர் எக்ஸ்ரே என்று போகும். ரத்தத்தில் ஈசினோபில் அணுக்களையும் எண்ணுவார்கள். யானைக்கால் நோய்ப் புழுக்களுக்கு நுரையீரல் காட்டும் எதிர்வினையால் ராத்திரி இருமல் வரும் ஒரு நோய் தென்னிந்தியாவில் பழகியது. அதில் இந்த எண்ணிக்கை பல ஆயிரமாக ஏறியிருக்கும், அதற்கான மாத்திரையை மூன்று வாரம் சாப்பிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். பழைய எக்ஸ்ரே படத்தையும், இதுவரை சாப்பிட்ட மருந்துகளின் பெயரையும், வாரவாரம் குறித்து வைத்த காலண்டரையும் கையோடு எடுத்துப் போனால் மருத்துவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.